மூன்றாம் எண்ணில் பதினான்கு பேர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பின்னறையில் இருந்தவர்கள்:

அலுவலகத் தலைவர், கையில் தலைவலித் தைலப் புட்டியோடு.

சட்டைத் தொழிற்சாலையின் மேலாளர். கோடையிலும் டை கட்டுகிறவர். அதனால் தொழிலாளிகள் வாயில் அவர் டைக்காரர்.

அந்தத் தொழிற்சாலையில் துணி வெட்டிக்கொண்டிருந்த பதினான்கு பேர். நாற்காலிகள் ஒன்பது.

அந்தப் பதினான்கு பேரில் மூத்தவர், வெட்டுப் பிரிவின் தலைவர். எல்லாருக்கும் மாஸ்டர். இந்த அலுவலகத்தின் மூன்றாம் மேசைக்காரிக்கு அக்காவின் கணவர்.

மூன்றாம் மேசைக்காரி.

இதே பட்டியலைக் கொஞ்சம் மரியாதையான சொற்களில் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியவளும் அவள்தான். எழுதி முடித்ததும் தலைவர் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"மாஸ்டர் பேருக்குப் பக்கத்துல உறவுன்னு போடும்மா. நாளைக்கு யாராவது மொட்டைக் கடுதாசி போட்டா நான் பதில் சொல்ல முடியாது."

அவள் போட்டாள். டைக்காரர் அந்தச் சொல்லைத் தலைகீழாகவே படித்துவிட்டுப் புன்னகை செய்தார். மாஸ்டர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டார்.

கூட்டம் ஒரே ஒரு காகிதத்துக்காக. பதினான்கு பேரையும் வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்திருப்பதை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கத் தொழிற்சாலை கேட்டிருந்தது. ஒவ்வொருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். படிவங்களை டைக்காரரே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். ஏழாம் கட்டத்தில், 'வேலையிழந்த காரணம்' என்ற இடத்தில், பதினான்கிலும் ஒரே எண். மூன்று.

அந்த அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு மனிதர்கள் மூன்று எண்களாகத்தான் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். ஒன்றாம் எண், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் நிற்பவர். வேலை எங்கோ இருக்கிறது, ஆள் இங்கே இருக்கிறார், இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். நல்ல காலத்திலும் இவர்கள் வருவார்கள், கெட்ட காலத்திலும் வருவார்கள். ஒரு முகவரிச் சீட்டு போதும். மூன்றாம் எண், சரக்கு விற்காததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவர் தொழில் சாகவில்லை, படுத்திருக்கிறது. ஜனங்கள் மறுபடி வாங்க ஆரம்பித்தால் எழுந்துவிடும். அதுவரை அரசு நிதியிலிருந்து பாதிச் சம்பளம். முதலாளி அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், அதுவரை வேறு எதுவும் தர வேண்டியதில்லை. இரண்டாம் எண்தான் சங்கடம். சரக்கு விற்கிறது, முதலாளி நன்றாக இருக்கிறார், இந்த ஆள் செய்துவந்த வேலை மட்டும் இல்லாமல் போயிருக்கிறது. எத்தனை வருடம் காத்திருந்தாலும் அது வராது. முதலாளி பணிமுடிப்புத் தொகை கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும், அரசு வேறு தொழில் சொல்லித்தர வேண்டும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் இந்தப் பதினான்கு பேருக்கும் மூன்று என்று எழுதியது அவள் கைதான். அன்றைக்கு அது சரி. கடைகள் சட்டை எடுப்பதை நிறுத்தியிருந்தன. வெட்டு, தையல், இஸ்திரி, பேக்கிங், லாரியில் ஏற்றுகிறவர்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர் வரைக்கும் வீட்டுக்குப் போனார்கள். மந்தம் வந்தால் அப்படித்தான் வரும். ஆளைப் பார்க்காது, பிரிவைப் பார்க்காது. ஐந்து மாதத்துக்கு முன்பே தையல்காரர்கள் திரும்பிவிட்டார்கள், இஸ்திரி திரும்பிவிட்டது, கேன்டீன்காரரும் திரும்பிவிட்டார். வெட்டுகிறவர்கள் மட்டும் இன்னும் மூன்றாம் எண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டாத துணியை எப்படித் தைக்கிறார்கள் என்பது அவளைச் சில வாரங்களாக அரித்துக்கொண்டிருந்தது.

அதைக் கேட்டும் விட்டாள்.

"சார், தையல் முழுசா ஓடுதுன்னு சொல்றாங்க. துணிய யார் வெட்டறாங்க?"

டைக்காரர் தயங்கவே இல்லை. "வெளியில குடுத்து வெட்டி வாங்கறோம்மா. ஆர்டர் இன்னும் பழைய அளவுக்கு வரல. கொஞ்சமா இருக்கறப்ப உள்ள வெட்டினா கட்டுப்படி ஆகாது. ஆர்டர் ஏறினதும் மொதல்ல கூப்பிடப் போறது இவங்களத்தான்."

"அடுத்த சீசனா சார்?" என்றார் வெட்டுகிறவர்களில் ஒருவர். தடித்த கண்ணாடி போட்டவர். சோடாப்புட்டி என்று பெயர்.

"அடுத்த சீசன்."

"போன சீசனும் அடுத்த சீசன்னுதான் சொன்னீங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். டைக்காரரும் சேர்ந்து சிரித்தார். தலைவர் தைலத்தை நெற்றியில் தேய்த்தபடி அவளைப் பார்த்தார். "நீ போய் முன்னால வரிசையப் பாரும்மா. கையெழுத்தை நானே வாங்கிக்கறேன். உறவுக்காரங்க இருக்கற இடத்துல நீ இருக்காம இருந்தா உனக்கும் நல்லது."

அவள் எழுந்தாள். மாஸ்டர் அப்போதும் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்கூடத்தில் வரிசை சுவரைத் தொட்டு வளைந்து நின்றது. மூன்றாம் மேசைக்கு முதலில் வந்தவள் முப்பது வயதுக்காரி, தைத்த சட்டையில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. இடுப்பில் ஒரு பையனும் கையில் ஒரு கோப்பும். கணவருக்கு மாற்றல் ஆனதால் பழைய கம்பெனியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எத்தன நாளா தேடறீங்க?"

"பதினாறு நாள். நீங்க நல்ல வேலைய எல்லாம் உங்க ஆளுங்களுக்கு ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்தைத்தான் போர்டுல ஒட்டறீங்கன்னு சொல்றாங்க."

"யார் சொல்றாங்க?"

"எல்லாரும்தான்."

"எங்க ஆளுங்கன்னா யாரு? எனக்கே ஒருத்தனும் கிடைக்கல, நீங்க பாத்தா சொல்லுங்க."

செக்கிங்காரி சிரிக்கவில்லை. மூன்றாம் மேசைக்காரி அவள் படிவத்தில் ஒன்று என்று போட்டுவிட்டுக் காலியிடச் சீட்டுகளைப் புரட்டினாள். செக்கிங் வேலைக்கு மூன்று இடத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். முதல் சீட்டு வடக்குத் தெருக் கம்பெனி. இரண்டாவது ஒரு சின்னப் பட்டறை. மூன்றாவது சீட்டில் அவள் விரல் நின்றது. அதே சட்டைத் தொழிற்சாலை. நான்கு பேர் தேவை. தேதி போன வியாழக்கிழமை. கீழே டைக்காரரின் கையெழுத்து.

"என்னங்க, அதுல என்ன? குடுக்க மனசில்லையா?"

"இந்தாங்க, மூணையும் எடுத்துட்டுப் போங்க. இதுல எது வீட்டுக்குப் பக்கமோ அதுக்கு மொதல்ல போங்க."

செக்கிங்காரி மூன்று சீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முத்திரை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் மேசைக்காரி பின்னறைக்குப் போய் வாசலில் நின்றபடியே கேட்டாள். "சார், ஆர்டர் இல்லன்னு சொன்னீங்க. போன வாரம் செக்கிங்குக்கு நாலு பேர் கேட்டிருக்கீங்க."

"போனவங்க எடத்துக்கும்மா. ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்தி கல்யாணம் ஆகிப் போயிட்டா, ரெண்டு பேர் பக்கத்துக் கம்பெனில கூடக் கிடைக்குதுன்னு ஓடிட்டாங்க. மந்தமா இருந்தா ஆள் போகாதா? போனா நிரப்ப வேண்டாமா? உங்க ஆபீஸ்லயே இதெல்லாம் உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்."

அது தெரிந்ததுதான். எவ்வளவு கெட்ட காலத்திலும் சீட்டுப் பெட்டி முழுசாகக் காலியாவதில்லை. ஆள் போவதும் வருவதும் நிற்பதே இல்லை. நான்கு சீட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் நிரூபிக்க முடியாது. டைக்காரர் சரியாகப் பதில் சொன்னார். மிகவும் சரியாகச் சொன்னார் என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஏழு பேர் போட்டாச்சு," என்றார் தலைவர். "நீ போம்மா."

பன்னிரண்டு மணிக்கு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அவர் கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"இன்னும் இல்ல. மூத்தவர்னு கடைசியா கூப்பிடுவாங்களாம்."

"நீ குறுக்க எதுவும் கேள்வி கேட்டியா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன்ன எனக்குத் தெரியாதா. இங்க பாரு, பாதிச் சம்பளமானாலும் மாசாமாசம் வருது. பொண்ணு கடைசி வருஷம் படிக்குது. நீ உன் சட்டம் பேசி அதையும் நிறுத்திடாத. உனக்கு நிரந்தர வேலை. உனக்கு என்ன."

"நான் என்னக்கா நிறுத்தறேன்?"

"அத நீதான் சொல்லணும்."

அக்கா வைத்துவிட்டாள். மூன்றாம் மேசைக்காரி கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெட்டு வேலையே இல்லாமல் போய்விட்டது என்று தான் நினைப்பது தப்பாக இருந்தால், ஏழாம் கட்டத்தில் எண்ணை மாற்றிய அன்றே அக்கா வீட்டுக்கு வரும் பாதியும் நின்றுபோகும், திரும்பக் கூப்பிடப்படும் உரிமையும் போகும். சரியாக இருந்து, தான் சும்மா இருந்தால், மூன்று மாதம் கழித்து வருடக் கெடு முடியும். கெடுவுக்குள் யாரும் எதிர்த்துக் கேட்காத தற்காலிக நிறுத்தம் தானாகவே ராஜினாமாவாக எழுதப்பட்டுவிடும். பதினான்கு பேரும் வெறுங்கையோடு ஒன்றாம் எண்ணாக இதே வரிசையில் வந்து நிற்பார்கள். வெட்டுகிறவனைக் கேட்டு ஒரு சீட்டும் பெட்டியில் இல்லாத நாளில்.

அடுத்து வந்தவர் வேலை தேடி வரவில்லை, ஆள் தேடி வந்திருந்தார். கழிவுத் துணி வாங்கி விற்கிறவர். மூட்டைக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தோளில் ஒரு சாக்குப் பை.

"ரெண்டு பொம்பளயாளு வேணும். உக்காந்து பிரிக்கற வேலை."

"இதுக்கு முன்னால நீங்களும் வீட்டுக்காரம்மாவுமே பிரிச்சிடுவீங்களே."

"அப்ப துணி மட்டும் வந்துச்சு. இப்ப துணியோட ஒரு பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டு வருது. வெங்காயத் தோல் மாதிரி. உரிச்சாத்தான் மில்லுல எடுக்கறான். உரிச்சு உரிச்சு என் சம்சாரத்துக்கு நகமே போச்சு."

அவள் பேனா நின்றது. "எங்கேருந்து வருது?"

மூட்டைக்காரர் சாக்கைக் காலுக்குப் பின்னால் நகர்த்தினார். "ஏன் கேக்கறீங்க? வரி போடறவங்களுக்குச் சொல்லவா?"

"வேலை நடக்கற இடம்னு ஒரு கட்டம் இருக்கு. சரக்கு எங்கேருந்து வருதுன்னு சும்மா கேட்டேன். பிடிக்கலன்னா சொல்லாதீங்க. ஆளு அனுப்பறதுக்கு லேட்டாகும், அவ்வளவுதான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி அதே சட்டைத் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார். பின்வாசல். வாரத்துக்கு மூன்று தடவை. நடுவில் நாலைந்து மாதம் ஒன்றுமே வராமல் வண்டியை விற்கலாமா என்று இருந்ததாகவும், இப்போது முன்னைவிட அதிகம் மூட்டை வருவதாகவும் சொன்னார். துண்டுகள்தான் சின்னதாகிவிட்டதாம். முன்பெல்லாம் கைக்குட்டை தைக்கிற அளவுக்கு மூலைத் துணி கிடைக்கும், இப்போது எல்லாம் நாடா மாதிரி இருக்கிறதாம்.

"ஒரு கைப்பிடி குடுங்க."

"எதுக்கு?"

"ஆளுங்களுக்குக் காட்ட. என்ன வேலைன்னு தெரியணும்ல."

அது முழுப் பொய்யும் இல்லை. அவள் கைப்பிடித் துணியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். தலைவர் எதுவும் சொல்வதற்கு முன் அதை மேசை நடுவில், சம்மதப் படிவங்களின் மேல் வைத்தாள்.

முதலில் சோடாப்புட்டிதான் கை நீட்டினார். ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அதை அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். பதினான்கு பேரும் அந்தக் கந்தலை விரல்களால் தடவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாஸ்டரிடம் வந்தது.

மாஸ்டர் துண்டை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினார். நீண்டு வளைந்த, விரல் அகலம்கூட இல்லாத நாடா. இரண்டு பக்க ஓரமும் சட்டைக் கையின் வளைவு.

"ரெண்டு வெட்டுக்கும் நடுவுல இவ்வளவுதான் விட்டிருக்கான்," என்றார். "கையால கத்தி ஓட்டறவன் இவ்வளவு நெருக்கமா விடமாட்டான். கத்தி திரும்பாது. திருப்பினா பக்கத்துக் கை போயிடும்."

"என்ன சொல்றீங்க மாஸ்டர்?" என்றார் தலைவர்.

மாஸ்டர் துணியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை நகத்தால் உரித்துத் தூக்கிக் காட்டினார். "துணிய அடுக்கி, மேல இதைப் போத்தி, கீழேருந்து காத்த உறிஞ்சுவாங்க. அடுக்கு நகராம பலகை மாதிரி நிக்கும். மெஷின் கத்திக்கு அது வேணும். எங்களுக்கு வேணாம், எங்களுக்குக் கிளிப்பும் கையும் போதும். ரெண்டு வருஷம் முன்னால ஒரு கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சார்தான் கூட்டிட்டுப் போனார். அங்க பாத்தேன்."

எல்லாரும் டைக்காரரைப் பார்த்தார்கள்.

"வெளியில வெட்டறவங்க மெஷின் வச்சிருப்பாங்க," என்றார் அவர். "அதுல என்ன?"

"வெளியில வெட்டினா வேஸ்ட் வெளியிலதானே சார் விழும்?" என்றாள் மூன்றாம் மேசைக்காரி. "இது உங்க பின்வாசல்ல வாரம் மூணு தடவை ஏறுது. முன்னைவிட அதிகமா."

"யார் சொன்னது? இது எங்க துணியே இல்ல."

சோடாப்புட்டி இன்னொரு துண்டை எடுத்து அதன் நெசவுக் கரையை டைக்காரர் பக்கம் திருப்பினார். கரையில் மில்லின் நீலக் கோடு ஓடியது. "இருபது வருஷம் இந்தக் கரைய வெட்டித் தள்ளிருக்கேன் சார். என் சம்சாரம் முகம் மறந்தாலும் இது மறக்காது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

டைக்காரர் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தலைவர் அந்தத் துண்டுகளைப் படிவங்களின் மேலிருந்து ஒதுக்கினார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மந்தம் வந்தது பொய் இல்ல. வந்தது. அது மேல போர்வை மாதிரி இழுத்துப் போத்திக்கிட்டு உள்ள மெஷின இறக்கிட்டாங்க போல. அப்படித்தான் செய்வாங்க. ஹால் காலியா இருக்கறப்பதான் மெஷின் இறக்கச் சௌகரியம். ஆனா நான் நெனைக்கறது செல்லாது. நீங்க எழுதித் தரணும். இது ஆர்டர் கொறஞ்சதால இல்ல, எங்க வேலையே எடுத்துட்டாங்கன்னு ஒவ்வொருத்தரும் எழுதிக் கொடுத்தா, எண் ரெண்டுன்னு மாத்தித் தொழிலாளர் ஆய்வாளருக்கு அனுப்புவேன். போட்ட கையெழுத்தையும் ரத்து பண்ணலாம். மேல்மாடியில மெஷின் பராமரிப்பு வகுப்பு இன்னிக்கு ஆரம்பம், ஆறு மாசம், ரெண்டாம் எண்ணுக்கு மட்டும். நாலு மணியோட சேர்க்கை முடியுது. கொஞ்சம் படிப்புப் படி உண்டு. அது பாதிச் சம்பளத்தவிடக் கம்மி. வழக்கு எத்தன நாள் ஆகும்னு எனக்குத் தெரியாது. தோத்தாலும் தோக்கலாம்."

"தோத்தா?" என்றார் வெட்டுகிறவர்களில் ஒருவர்.

"மூணுக்குத் திரும்ப முடியாது."

பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் தோழமை எதுவும் இல்லை. யார் முதலில் நழுவுவான் என்று அளக்கிற பார்வை அது.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்று சோடாப்புட்டி மூன்றாம் மேசைக்காரியைக் கேட்டார். "வகுப்புக்கு ஆள் சேத்துவிடணும்னு உங்களுக்குக் கணக்கு இருக்கா?"

"இருக்கு," என்றாள் அவள். "இருபது எடம். ஆறு பேர்தான் சேந்திருக்காங்க. ஆனா அதுக்காக நான் உங்க பின்வாசல்ல பிளாஸ்டிக்க ஒட்டி வைக்கல."

இரண்டரை மணிக்கு முன்கூடத்து ஜன்னல் வழியாக அவள் பார்த்தபோது மாஸ்டரும் டைக்காரரும் முற்றத்துக் குழாயடியில் நின்றிருந்தார்கள். டைக்காரர்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கை மாஸ்டர் தோளில். மாஸ்டர் தலையை ஆட்டினாரா, குழாயை மூடக் குனிந்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னறை ஜன்னலும் அதே முற்றத்தைப் பார்த்துத்தான் திறந்திருந்தது. அங்கே பதின்மூன்று தலைகள்.

அவர் உள்ளே வரும் நடையில் அவள் மறித்தாள்.

"அத்தான், என்ன சொன்னார்?"

"நீ கேக்கறது மேசையா, மச்சினியா?"

"ரெண்டும்."

"மேசைன்னா சொல்லமாட்டேன். மச்சினின்னா உங்கக்காகிட்டப் போயிடும்."

"அப்ப ஏதோ இருக்கு."

"இல்லாம தோள்ல கை போடுவானா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் போட்டதில்ல."

அவர் அவளைத் தாண்டிப் பின்னறைக்குள் போனார். அவளும் பின்னாலேயே போனாள். யாரும் நாற்காலி தரவில்லை. காலையில் அவருக்கென்று எழுந்து கொடுத்தவரே இப்போது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாஸ்டர், முடிஞ்சுதா பேரம்?" என்றார் சோடாப்புட்டி.

"ஒரு எடம் இருக்காம். மெஷினுக்குத் துணி விரிச்சு அடுக்க. எனக்கு மட்டும். மெஷின் வெளியில இருக்கறதாவும், இந்த வேஸ்ட் வேற யாரோடதோன்னும் நான் எழுதித் தரணும்."

"ஏத்துக்கிட்டீங்களா?"

"ஏத்துக்கிட்டா இங்க வந்து சொல்லுவேனா?"

"ஏத்துக்கிட்டவன்தான் இப்படி வந்து சொல்லுவான். அப்பத்தானே எங்களுக்குச் சந்தேகம் வராது."

மாஸ்டர் அதற்குக் கோபப்படவில்லை. அது நியாயமான சந்தேகம் என்பதுபோலத் தலையசைத்தார்.

"அவனுக்கு யோசிக்கறேன்னு சொல்லிருக்கேன். நெசமாவே யோசிச்சேன். குழாயடிலேருந்து இங்க வர்றதுக்குள்ள யோசிச்சுட்டேன். அதே கண்காட்சில விரிக்கற மெஷினும் இருந்துச்சு. வெட்டற மெஷின வாங்கினவன் விரிக்கறத வாங்க எத்தன மாசம் ஆகும்? அதுவரைக்கும் நான் வேணும். இந்த மூணு மாசம், உங்க கெடு முடியற வரைக்கும், நான் அதவிட அதிகமா வேணும். அப்புறம் என்னையும் அனுப்புவான். அன்னிக்கு நான் எங்க போய் நிப்பேன்? வேலை போனதுக்கு நானே பொய் எழுதிக் குடுத்திருக்கேனே."

"அதாவது எங்களுக்காக இல்ல," என்றார் ஒருவர்.

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல. என்ன ஏமாத்தறான். அதான்."

அறையில் இருந்தவர்கள் அன்று நம்பிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் மூன்றாம் மேசைக்காரியிடம் கையை நீட்டினார். அவள் வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தாள். மேசையோரத்தில் நின்றபடியே எழுதினார். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு, பிளாஸ்டிக் எந்தப் பக்கம், கரைக் கோடு என்ன நிறம். மெஷின், வேலை, மந்தம் என்றெல்லாம் கடைசி வரியில்தான் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஏழாம் கட்டத்தில் இருந்த மூன்றைத் தானே அடித்தார்.

"நீ எழுது. உன் கையெழுத்துலயே இருக்கட்டும்."

அவள் இரண்டு என்று எழுதினாள். உறவு என்று காலையில் எழுதிய அதே குறிப்பேட்டில் அதையும் பதிந்தாள். தலைவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

அதன்பின் எட்டுப் பேர் எழுதினார்கள். ஐந்து பேர் எழுதவில்லை. எழுதாதவர்களில் சோடாப்புட்டி ஒருவர்.

"நீங்கதானே கரையக் காட்டினீங்க," என்றாள் அவள்.

"காட்டினேன். அவன் திருடன்னு தெரியும். அதுக்காக நீங்க நல்லவங்கன்னு ஆயிடுமா? அரசாங்கம் எனக்கு இந்த வயசுல மெஷின் சொல்லித்தரப் போகுதாம். கண்ணாடியக் கழட்டினா மெஷினே தெரியாது எனக்கு. பாதி வருது, அது வர்ற வரைக்கும் வரட்டும்."

"மூணு மாசம்தான் வரும்."

"மூணு மாசம் வருமே."

அவர் சொன்னதில் ஒரு பாதி அவளுடைய சந்தேகமும்தான். காலியிடப் பலகையில் இயந்திரப் பராமரிப்புக்கு ஐந்து சீட்டுகள் குத்தியிருந்தன. அவளே குத்தியது. ஐந்திலும் கீழே சின்ன எழுத்தில், இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்று இருந்தது. ஆறு மாத வகுப்பு முடித்து வருகிறவர்கள் அந்த வரியை எப்படித் தாண்டுவார்கள் என்று அவள் இரண்டு தடவை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். பதில் வரவில்லை.

நான்கு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. எழுதியவர்களில் நான்கு பேர்தான் வகுப்புக்கு வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள், அதற்குள் சேர்க்கை முடிந்துவிடும் என்று தெரிந்தே. அவள் சேர்க்கைச் சீட்டுகளோடு மாடிப்படி ஏறினாள். மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். மற்ற மூன்று பேர் அவருக்கு முன்னால் ஏறிவிட்டார்கள்.

"உங்கக்காவுக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார் பாதிப் படியில். "நீ எதுவும் பேசாத."

"என்னைத்தான் திட்டுவா."

"திட்டட்டும். இந்த வகுப்புல படிச்சா வேலை கிடைக்குமா?"

அவள் ஒரு படி ஏறிவிட்டுச் சொன்னாள். "தெரியல அத்தான்."

"கிடைக்கும்னு சொல்லுவன்னு நெனச்சேன்."

"அனுபவம் கேக்கறாங்க. அதைத் தாண்ட ஏதாவது வழி பாக்கணும். மூணாம் எண்லயே இருந்தா ஒண்ணுமே இல்லன்னு மட்டும் தெரியும்."

அவர் நின்று அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலையிலிருந்து அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு ஏறினார்.

மாடி நடையின் கோடியில் வகுப்பறை. வாசலில் பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். போன வருடம் பாடத்துக்கு வைத்திருந்த இரண்டு மோட்டார்களை யாரோ பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, வகுப்பு நடக்கும்போது கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் நான்கு சீட்டையும் வாங்கி எண்களைச் சரிபார்த்தார். மாஸ்டரின் சீட்டை மட்டும் இரண்டாவது தடவை பார்த்தார்.

"வயசு நாப்பத்தொன்பதா?"

"ஆமா. முடியாதா?"

"முடியாதுன்னு சட்டம் இல்ல. உள்ள வாங்க. செருப்ப அங்கயே விட்டுருங்க."

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பயிற்சியாளர் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே சாவி இரண்டு தடவை திரும்பியது.